வாங்கியதில் கட்டிய வரி அதிகம், ஆனாலும் 19,800 ரூபாய் கட்ட வேண்டும்: ஒரு எலெக்ட்ரிக்கல் கடையின் நவம்பர் மாத ஜிஎஸ்டி கணக்கு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. ஒயர், சுவிட்ச், ஃபேன், பல்பு, பிவிசி பைப் என எல்லாமே 18 சதவீத வரிச் சரக்கு. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாறியபோது பல கடைக்காரர்கள் பில் மென்பொருளைத் திருத்த அலைந்தார்கள். இந்தக் கடைக்காரரின் சரக்குக்கு அந்த மாற்றம் வரவில்லை, அதனால் வேலையும் இல்லை. வருட விற்றுமுதல் 5 கோடிக்கு வெகு கீழே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் சேரலாம். ஆனால் இவரிடம் வாங்கும் காண்ட்ராக்டர்களுக்கு வாங்கியதில் கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் மாதாமாதம் தெரிய வேண்டும் என்பதால் மாத ரிட்டர்னிலேயே இருக்கிறார்.

2025 நவம்பர் மாதக் கணக்கோடு, ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் என்னிடம் டிசம்பர் 15ஆம் தேதி வந்தார். ஒரு நோட்டு, ஒரு கட்டு பில். எண்களை இங்கே கூட்டிக் கழிக்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்; மற்றதெல்லாம் மேசையில் இருந்தபடியே. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார்.

"வாங்குனதுல நான் கட்டுன வரி 1,27,800 தம்பி. வித்ததுல வாங்குன வரி 1,24,200. அப்பம் எனக்குத்தானே 3,600 பாக்கி வரணும்? இந்த மாசம் கட்ட வேண்டியதில்லைல்லா?"

"கூட்டல் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொரு பில்லையும் ஒருதடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

கடைசியில் அவர் கட்டியது 19,800 ரூபாய். கூட்டலில் ஒரு ரூபாய்கூடப் பிழையில்லாத கணக்கு எப்படி 23,400 ரூபாய் நகர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

விற்பனைப் பக்கம்

விற்பனையில் மூன்று வகை இருந்தது. ஜிஎஸ்டி எண் உள்ள உள்ளூர் காண்ட்ராக்டர்களுக்குப் போட்ட பில்களில் வரிக்கு முந்தைய மதிப்பு 3,20,000. கவுண்டரில் பொதுமக்களுக்கு விற்றது, வரியோடு சேர்த்து 3,77,600. கேரளத்தில் புனலூரில் வேலை எடுத்திருக்கும் ஒரு காண்ட்ராக்டருக்கு அனுப்பியது 50,000. மாநிலம் தாண்டியதால் அதற்கு ஐஜிஎஸ்டி.

கவுண்டர் விற்பனையில்தான் நான் முதலில் கை வைப்பேன். ஒரு பல்பை 118 ரூபாய்க்கு விற்றால் அதற்குள்ளேயே 18 ரூபாய் வரி இருக்கிறது. மொத்தத்தின் மேல் மறுபடி 18 சதவீதம் போட்டால் 67,968 வரும். உள்ளே இருக்கும் வரியைப் பிரித்தெடுத்தால் 57,600தான். இந்த 10,368 ரூபாய் யாரும் கேட்காத வரி. கட்டிவிட்டால் லாபத்திலிருந்துதான் போகும். பிரிக்கும் வழி இது:

```
377600 × 100 ÷ 118 = 320000   (வரிக்கு முந்தைய மதிப்பு)
377600 − 320000    =  57600   (வரி)
```

அண்ணாச்சி இதைச் சரியாகவே செய்திருந்தார். அப்படியானால் உள்ளூர் விற்பனை மொத்தம் 6,40,000. அதில் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 57,600, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 57,600. புனலூர் பில்லுக்கு ஐஜிஎஸ்டி 9,000. மூன்றும் சேர்ந்து அவர் நோட்டில் இருந்த 1,24,200.

விட்டுப்போனது ஒன்று. நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு உள்ளூர் காண்ட்ராக்டர் 20,000 ரூபாய் ஒயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கிரெடிட் நோட் போட்டு, விற்பனை விவர ரிட்டர்னான GSTR-1-லும் ஏற்றியாகிவிட்டது. நோட்டில் மட்டும் கழிக்கவில்லை. அதைக் கழித்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டிலும் 1,800 குறைந்து தலா 55,800 ஆகிறது. வாங்கியவரும் தான் எடுத்த இன்புட்டில் இதைத் திருப்பிக் காட்ட வேண்டும். அவர் தன் போர்ட்டலில் இந்தக் கிரெடிட் நோட்டை நிராகரித்துவிட்டால் நாம் குறைத்த வரி அடுத்த மாதம் நம் தலையிலேயே திரும்ப ஏறும். அதனால் கிரெடிட் நோட்டைப் போட்ட கையோடு காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஆக நவம்பர் விற்பனை வரி: சிஜிஎஸ்டி 55,800, எஸ்ஜிஎஸ்டி 55,800, ஐஜிஎஸ்டி 9,000. மொத்தம் 1,20,600.

கொள்முதல் கட்டு

வேலையின் கனம் இந்தப் பக்கம்தான். அண்ணாச்சி கட்டில் வைத்திருந்த பில்கள் இவை:

| பில் | மதிப்பு | வரி |
|---|---|---|
| ஒயர், மதுரை மொத்த வியாபாரிகள் இருவர் | 3,80,000 | 34,200 + 34,200 |
| ஃபேன், பெங்களூரு | 1,80,000 | ஐஜிஎஸ்டி 32,400 |
| சுவிட்ச், மதுரை | 80,000 | 7,200 + 7,200 |
| பிவிசி பைப், கோவை | 60,000 | 5,400 + 5,400 |
| கார் சர்வீஸ், உள்ளூர் | 10,000 | 900 + 900 |

வரி மொத்தம் 1,27,800. இவ்வளவையும் அவர் கையிலிருந்து கொடுத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டிய வரி வேறு, இந்த மாதம் எடுக்கக்கூடிய இன்புட் வேறு. ஒரு பில்லுக்கு இன்புட் எடுக்க மைய ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவு சில நிபந்தனைகளை ஒன்றாகக் கேட்கிறது. பில் கையில் இருக்க வேண்டும். சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றி, அது போர்ட்டல் நமக்கு உருவாக்கும் இன்புட் பட்டியலான GSTR-2B-யில் தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மாதம் கை வைக்கக் கூடாது.

GSTR-2B ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி போர்ட்டலில் உருவாகிறது. அதனால்தான் அண்ணாச்சியை 15ஆம் தேதிக்கு முன்னால் வரச் சொல்வதில்லை. அதற்கு முன் உட்கார்ந்தால் பில் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊகத்தில் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

மதுரை ஒயர் பில்கள், பெங்களூரு ஃபேன் பில் ஆகியவை 2B-யில் இருந்தன, சரக்கும் நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மீதி மூன்று பில்லும் மூன்று விதமான சிக்கல்.

சுவிட்ச் பில்: கையில் இருக்கிறது, 2B-யில் இல்லை

பில் எண், தேதி, நம் ஜிஎஸ்டி எண் எல்லாம் சரியாக இருந்தது. சுவிட்ச் வந்து அலமாரியில் பாதி விற்றும் போய்விட்டது. ஆனால் 2B-யில் தேடினால் அந்த வியாபாரியின் பெயரே இல்லை.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "பணத்த வாங்கிக்கிட்டு கெவர்மெண்டுக்குக் கட்டாம வச்சிருக்கானா?"

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்லி, போர்ட்டலில் அந்த வியாபாரியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு ரிட்டர்ன் விவரத்தைப் பார்த்தேன். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை GSTR-1 போடுபவர். அப்படிப்பட்டவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களின் பில்களை IFF என்ற வசதி வழியாக அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்றலாம். ஏற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. இவர் ஏற்றவில்லை. அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கான GSTR-1-ஐ ஜனவரி 13-க்குள் போடும்போது இந்த பில்லும் வரும். ஜனவரி 14-இல் உருவாகும் 2B-யில் நமக்குத் தெரியும். வியாபாரி தவறு எதுவும் செய்யவில்லை. நமக்கு இன்புட் ஒரு மாதம் தள்ளிப்போகிறது, அவ்வளவே.

முன்பு இதில் கொஞ்சம் தளர்வு இருந்தது. 2019 அக்டோபரில் தெரிகிற இன்புட்டுக்கு மேல் 20 சதவீதம் வரை தற்காலிகமாக எடுக்கலாம் என்றார்கள். அது 2020-இல் 10 சதவீதமாகவும் 2021-இல் 5 சதவீதமாகவும் குறைந்து, 2022 ஜனவரி 1 முதல் அடியோடு போய்விட்டது. பழைய நினைப்பில் இன்னும் சிலர் "கொஞ்சம் கூட எடுத்துக்கலாம்" என்று சொல்கிறார்கள். இப்போது 2B-க்கு மேல் வரம்பு தாண்டி எடுத்தால் DRC-01C என்ற அறிவிப்பு தானாகவே வரும். 7 நாளுக்குள் வட்டியோடு கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த GSTR-1 போட முடியாது. அண்ணாச்சியின் GSTR-1 நின்றால் அவரிடம் வாங்கிய காண்ட்ராக்டர்களுக்கு இன்புட் நிற்கும். அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சுவிட்ச் பில்லின் 14,400 இந்த மாதம் இல்லை.

பைப் பில்: 2B-யில் இருக்கிறது, சரக்கு வரவில்லை

இது சுவிட்ச் பில்லுக்கு நேர் எதிர். கோவைக்காரர் நவம்பர் 29ஆம் தேதி பில் போட்டு, ஒழுங்காக GSTR-1-இல் ஏற்றி, அது நம் 2B-யிலும் வந்துவிட்டது. போர்ட்டல் அதை எடுத்துக்கொள்ளக்கூடிய இன்புட் என்றே காட்டுகிறது. ஆனால் லாரி டிசம்பர் 2ஆம் தேதிதான் கடை வாசலில் நின்றது.

சரக்கு கைக்கு வராத மாதத்தில் இன்புட் எடுக்க முடியாது. இந்த விஷயத்தில் போர்ட்டல் உங்களைத் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது, ஏனென்றால் லாரி எப்போது வந்தது என்று அதற்குத் தெரியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. இந்த பில் வரியோடு சேர்த்து 70,800தான், எனவே இ-வே பில்லும் கிடையாது. அண்ணாச்சியின் சரக்கு வரவு நோட்டும் லாரிக்காரர் கொடுத்த ரசீதும்தான் ஆதாரம். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்து பில்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "இது எப்பம் வந்துச்சு அண்ணாச்சி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். கேட்காவிட்டால் இந்தப் பிழை வெளியே தெரியாமலே போகும், மூன்று நான்கு வருடம் கழித்து ஆடிட்டில் வட்டியோடு வரும்.

வரியைக் கணக்கிட்டுக் கட்டும் மாத ரிட்டர்னான GSTR-3B-யில் இதைக் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 2B-யில் இருப்பதை முழுவதும் 4(A)(5) என்ற கட்டத்தில் காட்டிவிட்டு, இந்த 5,400 + 5,400-ஐ 4(B)(2)-இல் தற்காலிகமாகத் திருப்ப வேண்டும். டிசம்பர் மாத ரிட்டர்னில் 4(A)(5)-இல் மறுபடி சேர்த்துக்கொண்டு, அது திரும்ப எடுப்பது என்று 4(D)(1)-இலும் குறிப்பிட வேண்டும். 4(A)(5)-இல் குறைத்துப் போட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கட்ட வேண்டிய தொகை அதேதான் வரும். ஆனால் 2B-க்கும் 3B-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 4(B)(2) வழியாகப் போனால் போர்ட்டலே அந்த 10,800-ஐ நினைவில் வைத்திருக்கும்.

கார் பில்: எப்போதும் கிடையாது

மூன்றாவது, அண்ணாச்சியின் சொந்தக் காரைச் சர்வீஸ் விட்ட பில். சர்வீஸ் சென்டரில் ஜிஎஸ்டி எண் கேட்டிருக்கிறார்கள், கடை எண்ணைக் கொடுத்திருக்கிறார். பில் ஒழுங்காக 2B-யிலும் வந்துவிட்டது.

17(5) பிரிவு சில செலவுகளுக்கு இன்புட்டை அடைத்து வைத்திருக்கிறது. 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனமும் அதன் சர்வீஸ், இன்சூரன்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. ஹோட்டல் சாப்பாடு, சொந்த உபயோகத்துக்கு எடுத்த பொருள், இலவசமாகக் கொடுத்தது, தொலைந்த அல்லது பாழான சரக்கு ஆகியவையும் அப்படியே. 2B ஒரு பில் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்கிறது. அது இந்தப் பட்டியலில் விழுகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். இதே சர்வீஸ் பில் அவருடைய சரக்கு ஆட்டோவுக்கு என்றால் இன்புட் எடுக்கலாம், ஏனென்றால் சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே பில்லில் வண்டி எண்ணைப் பார்க்காமல் நான் இன்புட் எடுப்பதில்லை.

இந்த 900 + 900-ஐ 4(B)(1)-இல் திருப்ப வேண்டும். பைப்பைப் போல இது அடுத்த மாதம் திரும்பி வராது.

கட்டில் இல்லாத ஒரு வரி

பில்களைப் பிரித்து முடித்ததும், "கடை வாடகை எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டேன். மாதம் 20,000. கட்டிட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. அதனால் அவர் பில் போடுவதில்லை, வரி கேட்பதுமில்லை. அண்ணாச்சி நோட்டிலும் அது வரவில்லை.

2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரின் வணிகக் கட்டிடத்தைப் பதிவு உள்ளவர் வாடகைக்கு எடுத்தால், 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவரே அரசுக்குக் கட்ட வேண்டும். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரியில் விலக்குக் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதில் இல்லை. 20,000-க்கு 3,600. சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800.

இந்த வரியில் இரண்டு விஷயம் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். இதை இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய அதே மாதத்தில் அதே 3,600-ஐ இன்புட்டாக எடுத்து, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆக அண்ணாச்சி கையிலிருந்து கூடுதலாக ஒன்றும் போவதில்லை, ஆனால் கட்டாமல் விட்டால் வட்டியும் அபராதமும் தனியாக வரும். கூடவே, உரிமையாளர் பில் தராததால் நமக்கு நாமே ஒரு இன்வாய்ஸ் போட்டு வைக்க வேண்டும். 30 நாளுக்குள் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அண்ணாச்சிக்காக ஒரு மாதிரிப் படிவம் தயார் செய்து கொடுத்தேன், மாதம் ஒன்று எழுதிக்கொள்கிறார்.

லாரி வாடகையும் இப்படித்தான். பார்சல் ஆபீஸுக்கு வாடகையை அண்ணாச்சி கொடுத்திருந்து, அவர்கள் வரி போடாமல் ரசீது கொடுத்திருந்தால் அதற்கு 5 சதவீதம் ரிவர்ஸ் சார்ஜ் வந்திருக்கும். இந்த மாதம் எல்லாச் சரக்கும் விற்றவர் செலவில் வந்து சேர்ந்ததால் அது இல்லை.

இன்புட் எவ்வளவு

இப்போது GSTR-3B-யின் நான்காவது அட்டவணையை நிரப்பலாம். 2B-யில் தெரிந்த சிஜிஎஸ்டி: ஒயர் 34,200, பைப் 5,400, கார் 900, மொத்தம் 40,500. வாடகைக்கான 1,800-ஐச் சேர்க்க வேண்டும், காரின் 900-ஐயும் பைப்பின் 5,400-ஐயும் கழிக்க வேண்டும். 36,000 வருகிறது. எஸ்ஜிஎஸ்டியும் அதே 36,000. ஐஜிஎஸ்டி, ஃபேன் பில்லின் 32,400. அக்டோபரிலிருந்து மிச்ச இன்புட் ஏதும் இல்லை. தீபாவளி மாதத்தில் சரக்கு வேகமாகப் போனதில் எல்லாம் கழிந்துவிட்டது.

விற்பனை வரி 1,20,600. இன்புட் 36,000 + 36,000 + 32,400 = 1,04,400. கழித்தால் 16,200. அதோடு பணமாகக் கட்ட வேண்டிய வாடகை வரி 3,600. மொத்தம் 19,800.

கணக்கு முடிந்துவிட்டது போலத் தெரியும். முடியவில்லை. இந்த 16,200 என்பது மூன்று வரியையும் ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் வருவது. போர்ட்டலில் அவை மூன்று தனித்தனிக் கல்லாக்கள். ஒரு கல்லாவிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்க விதி இருக்கிறது, அதைத் தப்பாகக் கையாண்டால் 19,800-க்கு மேலேயே கட்ட நேரும்.

மூன்று கல்லா

ஐஜிஎஸ்டி இன்புட்டை முதலில் முழுவதும் காலி செய்ய வேண்டும். அதை முதலில் ஐஜிஎஸ்டி வரியில் கழிக்க வேண்டும். மீதியைச் சிஜிஎஸ்டியிலோ எஸ்ஜிஎஸ்டியிலோ எந்த விகிதத்திலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். அது தீர்ந்த பிறகுதான் சிஜிஎஸ்டி இன்புட்டையும் எஸ்ஜிஎஸ்டி இன்புட்டையும் தொடலாம். சிஜிஎஸ்டி இன்புட்டை எஸ்ஜிஎஸ்டி வரிக்கோ, எஸ்ஜிஎஸ்டி இன்புட்டைச் சிஜிஎஸ்டி வரிக்கோ எடுக்கவே முடியாது. ஒன்று மத்திய அரசின் பணம், மற்றது மாநிலத்தின் பணம்.

ஐஜிஎஸ்டி இன்புட் 32,400-இல் புனலூர் பில்லின் 9,000 போக 23,400 மிச்சம். இதை எப்படிப் பிரிப்பது? அண்ணாச்சியிடம் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன்.

முழுவதையும் சிஜிஎஸ்டிக்கே கொடுத்தால்:

```
CGST: 55800 − 23400 = 32400;  இன்புட் 36000, கட்ட 0, தேங்குவது 3600
SGST: 55800 − 36000           = கட்ட வேண்டியது 19800
```

சரிபாதியாகப் பிரித்தால்:

```
CGST: 55800 − 11700 − 36000   = கட்ட வேண்டியது 8100
SGST: 55800 − 11700 − 36000   = கட்ட வேண்டியது 8100
```

முதல் முறையில் 19,800, இரண்டாவதில் 16,200. இன்புட் ஒன்றுதான், வரியும் ஒன்றுதான். ஆனால் முதல் முறையில் சிஜிஎஸ்டி கல்லாவில் 3,600 சும்மா கிடக்க, எஸ்ஜிஎஸ்டிக்கு அதே 3,600-ஐக் கையிலிருந்து கட்டுகிறோம். வாடகை வரியையும் சேர்த்தால் 23,400 ஆகிவிடும். தேங்கும் இன்புட் அழிந்துபோகாது, அடுத்த மாதத்துக்கு வரும். ஆனால் சிறு கடைக்காரருக்கு இந்த மாதம் கையில் இருக்கும் பணம்தான் அடுத்த லோடுக்கான முன்பணம்.

சரிபாதியாகத்தான் பிரிக்க வேண்டும் என்றில்லை. இரண்டு வரியிலும் சொந்த இன்புட் போக மீதி 19,800 (55,800-இல் 36,000 போக). எந்தப் பக்கத்துக்கும் 19,800-க்கு மேல் ஐஜிஎஸ்டியைக் கொடுக்காமல் இருந்தால் போதும், மொத்தம் 16,200-ஐத் தாண்டாது. போர்ட்டல் ஒரு பங்கீட்டைத் தானே நிரப்பிக் காட்டும். அதை மாற்றலாம். ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் தெரியும் எண்ணை அப்படியே ஏற்காமல், எந்தக் கல்லாவிலாவது இன்புட் மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மிச்சம் நின்று மறுபக்கம் பணம் கேட்டால் பங்கீடு சரியில்லை என்று அர்த்தம்.

ஆகக் கட்ட வேண்டியது: சிஜிஎஸ்டி 8,100 + வாடகைக்கு 1,800 = 9,900. எஸ்ஜிஎஸ்டியும் 9,900. PMT-06 சலானில் இந்த இரண்டு தலைப்பில்தான் தொகையைப் போட வேண்டும். முழுத் தொகையையும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டால் ரிட்டர்ன் நகராது. PMT-09 வழியாகத் தலைப்பு மாற்றலாம் என்றாலும், அதைக் கடைசி நாளான 20ஆம் தேதி ராத்திரி செய்துகொண்டிருக்க வேண்டாம்.

அண்ணாச்சியின் எண்ணிலிருந்து நம் எண்ணுக்கு

அவர் போன பிறகும் அவருடைய 3,600 வரவு எங்கே போனது என்று அவருக்கே புரிய வேண்டுமே என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு வர வேண்டியது என்று நினைத்த 3,600-இலிருந்து சுவிட்ச் 14,400, பைப் 10,800, கார் 1,800 ஆகிய மூன்றும் போகிறது, மொத்தம் 27,000. திரும்ப வந்த ஒயருக்கான கிரெடிட் நோட்டில் 3,600 உங்கள் பக்கம் சேர்கிறது. மிச்சம் 19,800 நீங்கள் கட்ட வேண்டியது. வாடகை வரி ஒரு கையில் 3,600 கட்டி மறு கையில் 3,600 எடுப்பதால் மொத்தத்தை மாற்றவில்லை. இப்படி இரண்டு வழியில் போட்டு ஒரே எண் வந்தால்தான் நான் ரிட்டர்னைப் போடுவேன்.

தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் இதுல நெசமா போனது கார் ரூவா 1,800 மட்டுந்தானா?"

ஆமாம். சுவிட்சும் பைப்பும் சேர்ந்த 25,200 அவருடைய பணம்தான், மாதம் மட்டும் மாறுகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கும் கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் இன்புட் எடுக்காவிட்டால் அது நிரந்தரமாகப் போய்விடும். ஒயர் வியாபாரிகளுக்குக் கடன் வைத்திருந்தால் 180 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

பணம் கையில் இல்லை, 10 நாள் கழித்துக் கட்டட்டுமா என்றும் கேட்டார். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், பணமாகக் கட்டும் பகுதிக்கு மட்டும். 19,800-க்கு 10 நாள் வட்டி 98 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், 10 நாளுக்கு 500. அவர் பயந்தது வட்டிக்கு, வலிப்பது தாமதக் கட்டணம். 19ஆம் தேதி காலையில் சலானைக் கட்டிவிட்டார். மாலையில் 3B போட்டுவிட்டோம்.

டிசம்பர் கணக்குக்கு ஜனவரி 15ஆம் தேதி வந்தபோது சுவிட்ச் பில் 2B-யில் இருந்தது. 14,400-ஐ எடுத்தோம், பைப்பின் 10,800-ஐ 4(D)(1)-இல் குறித்துத் திரும்ப எடுத்தோம். இந்த முறை பில் கட்டில் ஒவ்வொரு பில்லின் மூலையிலும் நீல மையில் ஒரு தேதி எழுதியிருந்தது. லாரி வந்த தேதி. கார் பில் தனியாக, கட்டுக்கு வெளியே இருந்தது.